நோட்டீஸ் காலத்தில் நாள் எண்ணுவது எப்படி? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

வாடகை ஒப்பந்தம், செக் பவுன்ஸ் நோட்டீஸ், கம்பெனிப் பொதுக்கூட்ட அறிவிப்பு, ராஜினாமா கடிதம் என்று எந்தக் காகிதம் என் மேசைக்கு வந்தாலும், கூடவே வரும் சந்தேகம் ஒன்றுதான்: கடைசி நாள் எது? ஒரு நாள் தப்பினால் வழக்கு தள்ளுபடியாகலாம், கூட்டத் தீர்மானத்துக்கே ஆபத்து வரலாம். அதனால் கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். இந்தியச் சட்டங்களும் தமிழ்நாட்டு விடுமுறைகளும்தான் இங்கே கணக்கு. மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை, ஆகவே முதல் சில பதில்களை விடாமல் படியுங்கள்.

நோட்டீஸ் கையில் கிடைத்த நாளையே ஒன்றாம் நாளாக எண்ணணுமா சார்?

வேண்டாம். கிடைத்த நாளை விட்டுவிட்டு, மறுநாளை ஒன்று என்று எண்ண வேண்டும். 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 9ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஒரு நாளிலிருந்து என்று காலம் குறிக்கப்பட்டால் அந்த நாள் கணக்கில் சேராது. வழக்குப் போடும் கால வரம்புக்கு 1963ஆம் ஆண்டின் லிமிட்டேஷன் சட்டம், 12ஆவது பிரிவிலும் இதே முறைதான். தனியார் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அங்கும் நீதிமன்றங்கள் பொதுவாக இப்படித்தான் எண்ணுகின்றன.

காரணம் எளிது. சட்டம் ஒரு நாளைத் துண்டு போடுவதில்லை. மாலை நான்கு மணிக்குக் கடிதம் வந்தால் அன்று மிச்சம் இருப்பது சில மணி நேரம். அதை ஒரு முழு நாள் என்று எண்ணினால் நோட்டீஸ் வாங்கியவருக்கு அவகாசம் குறைந்துவிடும்.

15 நாள் நோட்டீஸ் 2026 மார்ச் 2ஆம் தேதி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 3 ஒன்றாம் நாள், மார்ச் 17 பதினைந்தாம் நாள். விரல் விட்டு எண்ண வேண்டாம், 2உடன் 15ஐக் கூட்டினாலே 17 வந்துவிடும்.

அப்போ அந்தப் பதினைந்தாவது நாள் நமக்கா, அவங்களுக்கா?

நோட்டீஸ் வாங்கியவருக்கு. மார்ச் 17 முழுவதும் அவருடைய நாள், அன்று அவர் பணத்தைக் கட்டினால் சரியான நேரத்தில் கட்டியதாகவே ஆகும். அனுப்பியவர் அடுத்த நடவடிக்கை எடுக்க முடிவது மார்ச் 18லிருந்து. 17ஆம் தேதி காலையிலேயே மனுத் தாக்கல் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அவசரம் எதிர்த்தரப்புக்குத்தான் உதவும். செக் வழக்கில் இது எவ்வளவு பெரிய தவறு என்பதைக் கீழே பார்க்கலாம்.

அக்ரிமெண்டில் "01-04-2026 முதல் 11 மாதங்கள்" என்று இருக்கு. அப்பவும் முதல் நாளை விடணுமா?

இங்கே விடக் கூடாது என்றுதான் இரு தரப்பும் நினைத்திருப்பார்கள். சாவி ஏப்ரல் 1 அன்று கைமாறுகிறது, வாடகையும் அன்றிலிருந்து ஓடுகிறது. அந்தக் கணக்கில் 11 மாதம் 2027 பிப்ரவரி 28 அன்று முடியும்.

ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 110ஆவது பிரிவு, குத்தகைக் காலம் ஒரு நாளிலிருந்து தொடங்குவதாக எழுதப்பட்டால் அந்த நாளை விடச் சொல்கிறது. அதன்படி மார்ச் 1 அன்று முடிகிறது என்று ஒருவர் வாதாட இடம் இருக்கிறது. ஒரு நாள் வித்தியாசத்துக்காக இந்த வாதத்தில் இறங்கத் தேவையே இல்லை. "01-04-2026 தொடங்கி 28-02-2027 முடிய, இரு நாட்களும் உட்பட" என்று எழுதிவிட்டால் போதும்.

வெறும் "30 நாட்கள்" என்று மட்டும் போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை சேருமா?

சேரும். வேறு எதுவும் சொல்லாமல் நாட்கள் என்று இருந்தால் அது காலண்டர் நாட்கள்தான். ஞாயிறு, தீபாவளி, உள்ளூர் விடுமுறை எல்லாம் நடுவில் வந்தாலும் எண்ணிக்கை நிற்காமல் ஓடும். ஒப்பந்தத்தில் "காலண்டர் நாட்கள்" என்று வெளிப்படையாக எழுதுவது புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, தகராறுக்கு இடம் இல்லாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

நடுவில் வரும் விடுமுறை வேறு, கடைசி நாளில் விழும் விடுமுறை வேறு. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

கிளியர் டேஸ் என்கிறார்களே, அது சாதாரண நாட்களிலிருந்து எப்படி மாறுது?

சாதாரணக் கணக்கில் முதல் நாளை மட்டும் விடுகிறோம். கிளியர் டேஸ், அதாவது இடையில் முழுசாக நிற்கும் நாட்கள் என்று வந்தால், இரண்டு முனைகளையும் விட வேண்டும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளும் சேராது, காரியம் நடக்கும் நாளும் சேராது.

இது அடிக்கடி வரும் இடம் கம்பெனிப் பொதுக்கூட்டம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 101ஆவது பிரிவு குறைந்தது 21 முழு நாட்கள் நோட்டீஸ் கேட்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டம் 2026 செப்டம்பர் 30 என்று வையுங்கள். 30ஐ விட்டுவிடுங்கள். 29லிருந்து பின்னோக்கி எண்ணினால் 9ஆம் தேதி இருபத்தொன்றாவது நாளாக வருகிறது. செப்டம்பர் 9 முதல் 29 வரை 21 நாட்களும் முழுசாக இடையில் இருக்க வேண்டும், ஆகவே மின்னஞ்சல் 8ஆம் தேதிக்குள் போயிருக்க வேண்டும். சுருக்கமாக, கூட்டத் தேதியிலிருந்து 22ஐக் கழியுங்கள்.

தபாலில் அனுப்பினால் கதை கொஞ்சம் நீளும். கூட்ட நோட்டீஸைத் தபாலில் சேர்த்து 48 மணி நேரம் கழித்துத்தான் அது உறுப்பினருக்குச் சேர்ந்ததாக விதிகள் கொள்கின்றன. அதனால் இன்னும் இரண்டு நாள் முன்னே போக வேண்டும், அதாவது செப்டம்பர் 6. அது ஞாயிற்றுக்கிழமை, தபால் நிலையக் கவுன்டர் இருக்காது. ஆக நடைமுறையில் 5ஆம் தேதி சனிக்கிழமையே கட்டு தபாலில் சேர்ந்தாக வேண்டும். சிலருக்கு மின்னஞ்சல், சிலருக்குத் தபால் என்றால் தபால் கணக்கையே எல்லோருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

"கிளியர்" என்ற வார்த்தையே இல்லை, "15 நாட்களுக்குக் குறையாமல்" என்றுதான் இருக்கு. அதுக்கும் இரண்டு பக்கமும் விடணுமா?

விடுவதுதான் பாதுகாப்பு. நம்ம ஊர் வழக்கு ஒன்றே இதற்கு இருக்கிறது. பயனியர் மோட்டார்ஸ் கம்பெனிக்கும் நாகர்கோவில் நகராட்சிக்கும் இடையிலான வழக்கில், ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் என்ற சொற்றொடரை உச்ச நீதிமன்றம் பார்த்தது. குறையாமல் என்று சொன்னாலே முழு மாதம் இடையில் கிடைக்க வேண்டும், முதல் நாளும் கடைசி நாளும் சேராது என்று தீர்ப்பளித்தது.

"15 நாட்களுக்குள்" என்பது இதற்கு நேர் எதிர். அங்கே முதல் நாள் மட்டும் விடப்படும், பதினைந்தாம் நாள் சேரும். குறையாமல் என்பது நோட்டீஸ் வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டிய இடைவெளியைச் சொல்கிறது. உள்ளே என்பது ஒருவர் ஒரு வேலையை முடிக்க வேண்டிய எல்லையைச் சொல்கிறது. ஷரத்தைப் படிக்கும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன் இந்த ஒட்டைப் பாருங்கள்.

கடைசி நாள் ஞாயிறா வந்துட்டா, திங்கட்கிழமை செய்யலாம்தானே?

எங்கே செய்ய வேண்டிய காரியம் என்பதைப் பொறுத்தது. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீதிமன்றத்திலோ அரசு அலுவலகத்திலோ செய்ய வேண்டிய காரியம், அதற்கு ஒரு சட்டம் நாள் குறித்திருக்கிறது, கடைசி நாளில் அந்த இடம் மூடியிருக்கிறது என்றால், அது திறக்கும் அடுத்த நாளில் செய்தால் போதும். பொது உட்பிரிவுகள் சட்டம், 10ஆவது பிரிவு இதைத் தருகிறது. வழக்குத் தாக்கலுக்கு லிமிட்டேஷன் சட்டம், 4ஆவது பிரிவும் இதே சலுகையைத் தருகிறது. கதவு பூட்டியிருக்கும்போது உள்ளே போய் மனுக் கொடுக்க முடியாது என்பதுதான் இதன் அடிப்படை.

இரண்டு தனியார் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்துக்கு இந்தச் சலுகை தானாக வராது. 15 நாளில் நிலுவை வாடகையைத் தர வேண்டும், கடைசி நாள் ஞாயிறு என்றால், நேரில் தரலாம், யூபிஐயில் அனுப்பலாம். பூட்டிய கதவு எதுவும் குறுக்கே இல்லை. திங்கட்கிழமை வரை அவகாசம் வேண்டும் என்றால் ஷரத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும். எழுதாத இடத்தில் சனிக்கிழமையே கட்டிவிடுவதுதான் நல்லது.

எல்லா இடத்திலும் விடுமுறை முன்னோக்கித்தான் தள்ளும் என்றும் நினைக்காதீர்கள். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், 25ஆவது பிரிவின்படி, புரோநோட்டோ பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சோ முதிரும் நாள் பொது விடுமுறையாக இருந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் தர வேண்டியதாகிவிடும். ஞாயிறு முதிர்ந்தால் திங்கள் இல்லை, சனி.

வேலை நாட்கள் என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை, யாருடைய வேலை நாள் என்ற புதிய பிரச்சினை தொடங்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னையில் இருக்கும் சப்ளையருக்கும் டெல்லியில் இருக்கும் வாடிக்கையாளருக்கும் ஒப்பந்தம். குறைபாட்டை நோட்டீஸ் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். இருவருக்கும் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. நோட்டீஸ் 2026 ஜனவரி 9, வெள்ளிக்கிழமை கிடைக்கிறது.

சென்னைக் கணக்கில் 12, 13, 14 மூன்று நாட்கள். 15 பொங்கல், 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு. 19 முதல் 23 வரை ஐந்து, ஆக எட்டு. 24, 25 சனி ஞாயிறு, 26 குடியரசு தினம். 27, 28 சேர்த்துப் பத்து. கடைசி நாள் ஜனவரி 28. டெல்லி அலுவலகத்துக்குப் பொங்கல் விடுமுறை கிடையாது. 12 முதல் 16 வரை ஐந்து, 19 முதல் 23 வரை ஐந்து, ஜனவரி 23 அன்றே பத்து முடிந்துவிட்டது. ஒரே கடிதம், ஒரே ஷரத்து, ஐந்து நாள் வித்தியாசம். 24ஆம் தேதி டெல்லிக்காரர் ஒப்பந்தத்தை ரத்து செய்தால், சென்னைக்காரர் நாள் இன்னும் இருக்கிறது என்பார், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

ஊர், வாரத்தின் எந்தெந்த நாட்கள், எந்த விடுமுறைப் பட்டியல் என்ற மூன்றையும் எழுதாமல் வேலை நாள் என்று போடாதீர்கள். வங்கி வேலை நாள் என்று போட்டால் இன்னொன்றைக் கவனியுங்கள்: 2015 செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை, மற்ற சனிக்கிழமைகள் வேலை நாட்கள்.

ஒரு மாதம் என்றால் 30 நாள்தானே? ஏன் இதைப் போய்ப் பெரிசு பண்றீங்க?

இரண்டும் வேறு என்பதால்தான். மாதம் என்றால் காலண்டர் மாதம். ஒரு மாதத்தில் எந்தத் தேதியில் தொடங்குகிறதோ, அடுத்த மாதத்தில் அதே தேதியில் முடியும். அப்படித் தேதி இல்லாவிட்டால் அந்த மாதத்தின் கடைசி நாளில் முடியும்.

2026 ஜனவரி 31 அன்று ராஜினாமா கொடுக்கிறார் ஒருவர். ஒரு மாத நோட்டீஸ் என்றால் பிப்ரவரி 28 அன்று முடிகிறது. 30 நாள் என்றால் மார்ச் 2. ஜூலை 1 அன்று கொடுத்தால் தலைகீழ்: ஒரு மாதம் ஆகஸ்ட் 1 வரை போகும், 30 நாள் ஜூலை 31இலேயே முடிந்துவிடும். நியமனக் கடிதத்தில் 30 நாள் என்றும், கம்பெனிக் கையேட்டில் ஒரு மாதம் என்றும் இருப்பதை நிறையவே பார்க்கிறேன். ராஜினாமா கடிதத்திலேயே கடைசி வேலை நாளைத் தேதியாக எழுதி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மாதக் கடைசியில் ஒரு பொறி உண்டு. இங்கிலாந்தில் 1981இல் பிரபுக்கள் சபை தீர்த்த டாட்ஸ் - வாக்கர் வழக்கில், நான்கு மாத அவகாசம் உள்ள நோட்டீஸ் செப்டம்பர் 30 அன்று கொடுக்கப்பட்டது. செப்டம்பரின் கடைசி நாள் என்பதால் ஜனவரியின் கடைசி நாளான 31 வரை இருக்கிறது என்று குத்தகைதாரர் நினைத்து, 31ஆம் தேதி விண்ணப்பித்தார். தேதிக்குத் தேதிதான் கணக்கு, 30ஆம் தேதியே முடிந்துவிட்டது என்று தீர்ப்பு வந்தது. கடைசி நாளுக்குக் கடைசி நாள் என்ற கணக்கு கிடையாது.

நான் அனுப்பிய தேதியா, அவர் வாங்கிய தேதியா? எதிலிருந்து ஓடும்?

முதலில் அந்தச் சட்டமோ ஷரத்தோ என்ன சொல்கிறது என்று பாருங்கள். சொத்து மாற்றுச் சட்டம், 106ஆவது பிரிவில் வரும் 15 நாள் நோட்டீஸ், வாங்கிய தேதியிலிருந்து ஓடும். 2002 கடைசியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இது தெளிவாக்கப்பட்டது. செக் பவுன்ஸ் நோட்டீஸின் 15 நாளும் வாங்கிய நாளிலிருந்துதான். தமிழ்நாட்டில் வாடகைதாரரை எந்தக் காரணத்துக்காக வெளியேற்றலாம், எந்த வழியில் என்பதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. நான் இங்கே பேசுவது நாள் கணக்கை மட்டும்.

வாங்க மறுத்துத் தபாலைத் திருப்பி அனுப்பினால் தப்பிக்க முடியுமா என்றால், முடியாது. சரியான முகவரி எழுதி, உரிய கட்டணம் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினால், வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்தில் சேர்ந்ததாகவே பொது உட்பிரிவுகள் சட்டம், 27ஆவது பிரிவு கொள்கிறது. செக் வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அலவி ஹாஜி வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தபால் ரசீதையும் பட்டுவாடா விவரத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள். நாள் கணக்கின் தொடக்கப் புள்ளியே அந்தக் காகிதம்தான்.

சனிக்கிழமை ஆபீஸ் லீவு. வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டார். அன்னிலேர்ந்தே ஓடுமா?

கிட்டத்தட்ட இதே விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஹிமாச்சல் டெக்னோ என்ஜினியர்ஸ் வழக்கு, 2010. நடுவர் தீர்ப்பின் நகல் 2007 நவம்பர் 10, சனிக்கிழமை அரசு அலுவலகத்துக்குப் போனது. விடுமுறை, இருந்தது கடைநிலை ஊழியர் மட்டும். அலுவலகம் திறந்த திங்கட்கிழமை, நவம்பர் 12தான் பெற்ற நாள் என்று நீதிமன்றம் ஏற்றது. ஒரு தீர்ப்பைப் பெறுவது என்றால், படித்து முடிவெடுக்கக் கூடியவர்கள் இருக்கும் அலுவலகத்துக்கு அது சேர வேண்டும் என்ற பார்வை அது.

அடுத்து மாதக் கணக்கு. மேல்முறையீடு போல அதை எதிர்க்க மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். மூன்று மாதத்தை 90 நாளாக எண்ணக் கூடாது என்று சொல்லி, 2008 பிப்ரவரி 12 அன்று மூன்று மாதம் முடிகிறது, அடுத்த 30 நாள் மார்ச் 13 அன்று முடிகிறது என்று கணக்கிட்டார்கள். அது லீப் வருடம், பிப்ரவரிக்கு 29 நாள். மனு மார்ச் 11 அன்றே தாக்கலாகியிருந்தது, தப்பித்தது. 90 நாள் என்று எண்ணியிருந்தால் பிப்ரவரி 10 அன்றே மூன்று மாதம் முடிந்து, 30 நாளும் மார்ச் 11 அன்றோடு நின்றிருக்கும். பெற்ற நாளையும் சனிக்கிழமை என்று கொண்டிருந்தால் மனு காலம் கடந்ததாகியிருக்கும்.

ஆனால் இதை உங்கள் வீட்டு வாசல் வாட்ச்மேனுக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். தனியார் ஒப்பந்தத்தில், குறித்த முகவரியில் ஒப்படைத்தால் போதும் என்று ஷரத்து இருந்தால், வாட்ச்மேன் வாங்கியதும் சேர்ந்ததுதான்.

இரவு 11.50க்கு மின்னஞ்சலில் நோட்டீஸ் அனுப்பினா அது அன்றைய தேதியா?

வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை, ஆமாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13ஆவது பிரிவின்படி, நோட்டீஸுக்கு என்று குறித்துக் கொடுத்த மின்னஞ்சல் கணக்குக்குள் அது நுழைந்த நேரமே பெற்ற நேரம். திறந்து படித்தாரா என்பது கேள்வியில்லை. குறித்துக் கொடுத்த கணக்கு ஒன்று இருக்க, அவருடைய வேறொரு கணக்குக்கு அனுப்பினால் மட்டும், அவர் எடுத்துப் பார்த்த நேரம்தான் கணக்கு.

இதனால்தான் கவனமாக எழுதும் ஒப்பந்தங்களில், மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்கு மேல் வந்தது அடுத்த வேலை நாளில் பெற்றதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி இருந்தால், வெள்ளி இரவு அனுப்பியது திங்களில் பெற்றதாகும், எண்ணிக்கை செவ்வாயில் தொடங்கும். சனியில் தொடங்க வேண்டியது மூன்று நாள் நகர்ந்துவிடுகிறது.

செக் பவுன்ஸ் கேஸில் மூணு விதமான காலம் சொல்றாங்க. ஒருமுறை முழுசா எண்ணிக் காட்ட முடியுமா?

காட்டுகிறேன். செக் திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்தது 2026 ஏப்ரல் 6. அதிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், மே 6 வரை. ஏப்ரல் 20 அன்று அனுப்பி, ஏப்ரல் 23 அன்று அவர் வாங்கினார். அவருக்கு 15 நாள், மே 8 முடிய. அன்று நள்ளிரவு வரை அவர் பணம் தரலாம். தரவில்லை என்றால் வழக்குக்கான காரணம் மே 9 அன்று பிறக்கிறது. அங்கிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

மே 9ஐ ஒன்றாம் நாளாக எண்ணி, ஜூன் 8 அன்றே முடிகிறது என்று வாதிட்டவர்கள் உண்டு. 1999இல் சாகேத் இந்தியா வழக்கில் அக்டோபர் 15 அன்று காரணம் பிறந்து நவம்பர் 15 அன்று தாக்கலான புகார் சரியான காலத்தில்தான் வந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு வேறொரு அமர்வு மாறுபட்டதால் குழப்பம் நீடித்தது. 2013இல் எகான் ஆன்ட்ரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சாகேத் வழிதான் சரி என்று முடித்துவைத்தது. ஆகவே நம் எடுத்துக்காட்டில் ஜூன் 9 வரை தாக்கல் செய்யலாம்.

தாமதம் ஆனாலும் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. முந்திக்கொண்டு தாக்கல் செய்தால் அதைச் சரிசெய்ய முடியாது. 15 நாள் முடியும் முன் போட்ட புகார் புகாரே இல்லை என்று யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் 2014இல் தீர்ப்பு இருக்கிறது. அப்புறம், மே மாதம் கோர்ட் லீவு என்று காத்திருக்க வேண்டாம். கோடை விடுமுறை சிவில் நீதிமன்றங்களுக்கு, இந்தப் புகார் போகும் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் மே மாதமும் இயங்கும்.

கூடுதலா கிடைக்கிற 30 நாளின் கடைசி நாளில் கோர்ட் லீவு. அப்பவும் திறக்கிற நாளில் போடலாம்தானே?

இதுதான் நான் கேட்டதிலேயே கஷ்டமான கேள்வி. மேலே ஹிமாச்சல் வழக்கில் சொன்ன மூன்று மாதமும் 30 நாளும் ஒரே தரத்தில் இல்லை. மூன்று மாதம் சட்டம் விதித்த காலம். 30 நாள் நீதிமன்றத்தின் கருணையால் கிடைப்பது. லிமிட்டேஷன் சட்டம், 4ஆவது பிரிவின் விடுமுறைச் சலுகை முதலாவதற்கு மட்டுமே.

அஸ்ஸாம் நகர்ப்புறக் குடிநீர் வாரிய வழக்கில் (2012) இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. தீர்ப்பைப் பெற்றது 2003 ஆகஸ்ட் 26. மூன்று மாதம் நவம்பர் 26 அன்று முடிந்தது, அன்று நீதிமன்றம் திறந்தே இருந்தது. கூடுதல் 30 நாள் டிசம்பர் 26 அன்று முடிந்தது. டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை கிறிஸ்துமஸ் விடுமுறை. ஜனவரி 2, திறந்த அன்றே மனுப் போட்டார்கள், தள்ளுபடியானது. கூடுதல் அவகாசம் என்று எது வந்தாலும், அதன் கடைசி நாள் விடுமுறையா என்று முன்கூட்டியே காலண்டரைப் பார்த்து, கடைசி வேலை நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

நோட்டீஸில் ஒரு நாள் குறைஞ்சிடுச்சு. எல்லாம் போச்சா?

சட்டத்துக்குச் சட்டம் மாறும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவில், நோட்டீஸில் குறித்த காலம் குறைவாக இருந்தாலும், சட்டப்படியான 15 நாள் கழிந்த பிறகு வழக்குப் போட்டிருந்தால், அந்தக் குறைவை மட்டும் காரணம் காட்டி நோட்டீஸ் செல்லாது என்று சொல்ல முடியாது. கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வாக்களிக்க உரிமையுள்ள உறுப்பினர்களில் 95 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் சம்மதித்தால் குறுகிய நோட்டீஸ் போதும். தனியார் ஒப்பந்தத்தில் இப்படி மீட்புக் கயிறு எதுவும் கிடையாது. நாள் இருக்கும்போதே தெரிந்தால், பழையதைத் திரும்பப் பெற்றுச் சரியான தேதியோடு புது நோட்டீஸ் அனுப்புவதுதான் மலிவான வழி.

நீங்களா இருந்தா ஷரத்தை எப்படி எழுதுவீங்க?

சென்னையில் ஒரு கடை வாடகை ஒப்பந்தம் என்று வைத்து எழுதிக் காட்டுகிறேன்:

"எந்தத் தரப்பும் மற்றவருக்கு 30 காலண்டர் நாட்கள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து இந்த ஒப்பந்தத்தை முடிக்கலாம். நோட்டீஸ் பெற்ற நாள் கணக்கில் சேராது, முப்பதாவது நாள் சேரும், அந்த நாளின் முடிவில் ஒப்பந்தம் முடியும். முப்பதாவது நாள் ஞாயிறாகவோ தமிழ்நாடு அரசு அறிவித்த பொது விடுமுறையாகவோ இருந்தால், இரண்டும் இல்லாத அடுத்த நாளின் முடிவில் முடியும். மாலை 6 மணிக்குப் பிறகு பெற்ற நோட்டீஸ் மறுநாள் பெற்றதாகக் கொள்ளப்படும். முடியும் தேதியை நோட்டீஸில் குறிப்பிட வேண்டும். அந்தத் தேதி மேற்கண்ட கணக்குக்கு முந்தியதாக இருந்தால், கணக்கின்படி வரும் தேதியே செல்லும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அனுப்புபவர் எண்ணுவதில் ஒரு நாள் பிசகினாலும் நோட்டீஸ் சாகாது, தேதி மட்டும் தானாகத் திருத்திக்கொள்ளும். இதோடு இரு தரப்பின் முகவரியையும் மின்னஞ்சலையும் அதே பத்தியில் எழுதி, மாறினால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள். பெற்ற நாள் எது என்ற சண்டை பெரும்பாலும் பழைய முகவரிக்குப் போன தபாலில்தான் தொடங்குகிறது.